பாட்டியும் பேத்தியும் ஒரு பல்லாங்குழியும்

நேயர்களுக்கு வணக்கம். காது கேட்பதில் குறை உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிறந்தநாள் நெருங்கினால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "குழந்தைக்கு என்ன வாங்கித் தரலாம்?" என்று. பட்டனைத் தட்டினால் பாடுகிற பொம்மை வேண்டாம் என்பேன். காது மெஷின் போட்ட பிள்ளை அதைக் காதோரமே வைத்துக்கொள்ளும், அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சத்தம் அதிகம். அதோடு, அந்தப் பொம்மையுடன் விளையாட எதிரே ஓர் ஆள் தேவையே இல்லை. பல்லாங்குழி வாங்குங்கள் என்பேன்.

இரண்டு காதிலும் மெஷின் போட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. காலையில் மெஷின் மாட்டியதும் அம்மா அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டதும் அவள் ஒரு சோழியைக் குழியில் போட வேண்டும். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை கணக்குப்போட்டு சோழியைப் போட்டுவிடும். அதனால் நடுநடுவே கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். ஒருநாள் 'ஸ்'ஸுக்கு மட்டும் அவள் கை அசையவில்லை. பார்த்தால் ஒரு பக்கம் பேட்டரி தீர்ந்திருந்தது, இன்னொரு பக்கம் காதுக்குள் பொருந்துகிற மோல்டின் குழாயில் ஈரம். மோல்டைத் தனியே கழற்றி, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ப்ளோயரால் ஊதி, பேட்டரி மாற்றியதும் சோழி விழுந்தது.

சாயங்காலம் அதே பலகையில் பாட்டியோடு ஆட்டம். குழிக்கு ஐந்து சோழி. பாட்டிக்கு முதலில் ஒன்று சொல்லித்தர வேண்டியிருந்தது. சோழி போடும்போது பிள்ளையின் கண் குழியில்தான் இருக்கும், பலகையில் சோழி விழும் சத்தமும் பேச்சை அமுக்கிவிடும். அதனால் அவள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேச வேண்டும். சத்தம் குறைய, பலகைக்கு அடியில் ஒரு கனமான துண்டை விரிக்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழும்படி பாட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும்.

அப்புறம் 'பசு' இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். குழியில் நான்கு சேர்ந்ததும் அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் 'பசு' என்று எடுத்துக்கொள்ளலாம். பேத்தியின் குழியில் நான்கு சேரும்போது பாட்டி தெரியாததுபோல் காத்திருப்பார். நாம் பத்து விநாடி பொறுப்பதே கஷ்டம், ஆனால் அந்த இடைவெளியில்தான் பிள்ளை வாய் திறக்கும். "பசு! எனக்கு!" என்று கத்துவாள். சைகையில் பேசும் பிள்ளை கையால் சொல்லட்டும், அப்போது வீட்டில் எல்லோரும் அந்தச் சைகையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழே சோழி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். அந்த வயதுக்கு உள்ளங்கை அளவு மரக்கட்டைகளும் ஒரு டப்பாவும் வாங்குங்கள். சத்தம் கேட்டதும் கட்டையை உள்ளே போடுகிற விளையாட்டை அதிலேயே ஆரம்பிக்கலாம்.