யூபிஐ பின் மறந்த அண்ணாச்சியும் பிரிக்காத கவரும்

நேயர்களுக்கு வணக்கம். வங்கிக் கிளைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் என்னை விடுவதாக இல்லை. "சார், யூபிஐ பின் மாத்த முடியல, கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை நீட்டுகிறார்கள். அப்படி நீட்டியவர்களில் ஒருவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி.

மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பும்போது யூபிஐ பின்னை மூன்று முறை தப்பாகப் போட்டுவிட்டார். அன்றைக்கு அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டது. மறுநாள் "பின் மறந்துவிட்டது" என்ற இடத்தைத் தொட்டார். ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்களும் அது காலாவதியாகும் மாதமும் வருஷமும் கேட்டது. போட்டார். விவரம் பொருந்தவில்லை என்று வந்தது. திரும்பப் போட்டார், அதே பதில். அடுத்து எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினார். அதிலும் சரிவராமல் வேறொரு கம்பெனி ஆப்பை ஏற்றினார். அங்கேயும் அதே கதை.

ஏன் என்றால், பின் ஆப்பில் இருப்பதில்லை. நீங்கள் தட்டும் ஆறு எண்ணையும் தேதியையும் ஆப் வாங்கி, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி தன் பதிவேட்டில் அந்தக் கணக்குக்கு எந்தக் கார்டு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கிறது. பொருந்தினால் ஓடிபி அனுப்பும், இல்லாவிட்டால் மறுக்கும். ஆப் வெறும் தபால்காரர். தபால்காரரை மாற்றினால் கடிதத்துக்கு வேறு பதிலா வரும்?

அண்ணாச்சியின் கார்டை வாங்கிப் பார்த்தேன். காலாவதி ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் போட்ட தேதி கார்டில் உள்ளபடி சரிதான், ஆனால் அந்தக் கார்டே வங்கியின் கணக்கில் இல்லை. "புதுக் கார்டு தபாலில் வந்திருக்குமே?" என்றேன். கல்லாவுக்குக் கீழே ரசீதுக் கட்டோடு கிடந்தது, கவர் பிரிக்கப்படாமல். பிரித்தோம். கடைசி ஆறு எண்ணே வேறு. எண் அப்படியே இருந்து தேதி மட்டும் மாறி வரும் கார்டுகளும் உண்டு. இரண்டையும் புதுக் கார்டைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும், ஞாபகத்தில் இருந்து அல்ல.

புதுக் கார்டின் விவரத்தைப் போட்டோம். அதற்கும் மறுப்பு வந்தது. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். தபாலில் வரும் கார்டு பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் வரும், அதை எழுப்ப வேண்டும். பக்கத்து ஏடிஎம்முக்குப் போய்க் கார்டைச் செருகி, புதிய பின் உருவாக்கும் பகுதிக்குப் போனோம். அவர் போனுக்கு ஓடிபி வந்தது, அதைப் போட்டு ஏடிஎம் பின் அமைத்தார். கையோடு நூறு ரூபாயும் எடுத்தார். கடைக்குத் திரும்பி ஆப்பில் முயன்றோம். இப்போது கார்டு விவரம் ஏறியது. அவருடைய வங்கி ஏடிஎம் பின்னையும் கேட்கும் வங்கி. இப்போதுதானே அமைத்தோம், அதனால் அதுவும் சரியாகப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் புது யூபிஐ பின் தயார்.

கார்டு விஷயத்தில் இன்னும் சில தடுமாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். சில கார்டுகளில் வழங்கிய தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கும், அவசரத்தில் முதல் தேதியைத் தட்டிவிடுகிறோம். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றின் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதன் பின்னை மாற்றப் பார்க்கிறார்கள். ஆப்பில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு எண் தெரியும், அதை ஒருமுறை பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் போதும். கார்டே இல்லாதவர்களுக்கு ஆதார் வழி இருக்கிறது, வங்கி அதை அனுமதித்தால். அதில் ஆதாரின் முதல் ஆறு எண் கேட்பார்கள். கார்டுக்குக் கடைசி ஆறு, ஆதாருக்கு முதல் ஆறு. யார் இப்படி வைத்தார்களோ! அதோடு ஆதாரிலும் வங்கியிலும் ஒரே செல் நம்பர் இருக்க வேண்டும்.

சரி, செல் நம்பர் பொருந்தாத கதைக்கு வருவோம். இதற்கு அடையாளம் வேறு. கார்டு விவரம் கேட்கும் இடத்துக்கே போக முடியாது. வங்கியின் பெயரைத் தொட்டதும், இந்த நம்பரில் கணக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். கணக்கு கண்ணில் தெரிந்து, கார்டில் வந்து நின்றால், நம்பரில் குறை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நம்பர் மாற்றிய பிறகு கிளைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்து, அடையாள அட்டை நகலும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் ஆகியும் ஆப் கணக்கைக் கண்டுபிடிக்கவில்லை. போனில் இரண்டு சிம். முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். ஏனென்றால் ஆப்பில் பதியும்போது போனில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். அது எந்த சிம்மில் இருந்து போகிறதோ அந்த நம்பரைத்தான் வங்கியில் தேடுவார்கள். அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியோடு ரீசார்ஜ் இருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வசதியே இருக்காது, மோசடியைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. டீச்சருக்கு இவை எதுவும் பிரச்சினை இல்லை. சரியான சிம், ரீசார்ஜும் இருந்தது.

பிறகு வங்கியின் இருப்பு அறியும் எண்ணுக்கு, பாஸ்புக்கில் போட்டிருந்ததைப் பார்த்து, அவர் புது நம்பரில் இருந்து மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். பதிவு செய்யப்படாத நம்பர் என்று பதில் வந்தது. அப்புறம்தான் விசாரித்தேன், அது கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு. வங்கியில் செல் நம்பர் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறோம். அது வாடிக்கையாளர் எண் என்று ஒன்று இருக்கிறதே, அதோடு ஒட்டியிருக்கும். கூட்டுக் கணக்கில் இருவருக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண். கிளையில் டீச்சரின் புது நம்பரைக் கணவரின் எண்ணில் ஏற்றியிருந்தார்கள். என் காலத்தில் நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் டீச்சர் இணையத்தில் "கஸ்டமர் கேர்" நம்பர் தேடிப் பேசியும் இருந்தார். எதிரில் பேசியவன் போன் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, இடம் போதாமல் அது ஏறவில்லை. அப்படி ஏற்றிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

மறுபடி கிளைக்குப் போனோம். இந்த முறை விண்ணப்பத்தில் கணக்கு எண்ணோடு டீச்சரின் வாடிக்கையாளர் எண்ணையும் எழுதினோம். "இந்த எண்ணில் இப்போது எந்த நம்பர் இருக்கிறது, கடைசி நான்கு எண்ணைச் சொல்லுங்கள்" என்று கவுண்டரிலேயே கேட்டு, சரிதான் என்று தெரிந்த பிறகுதான் எழுந்தோம். இரண்டு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். கணக்கு வந்துவிட்டதாம், கார்டும் ஏறிவிட்டதாம். ஆனால் பெரிய தொகை போகவில்லையே என்றார். புதிதாகப் பதிந்த முதல் நாள் பல வங்கிகளில் 5,000 ரூபாய்க்கு மேல் விடமாட்டார்கள், நாளைக்கு அனுப்புங்கள் என்றேன்.