ஒரு நேர்கோட்டில் இரண்டு எண்கள்

எல்லோருக்கும் வணக்கம். நொதியின் வேகத்தைத் தளப்பொருளின் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோடு முதலில் விறுவிறுவென்று ஏறும், அப்புறம் வளைந்து தணியும். அது எந்த உயரத்தில் நிற்கப்போகிறது? வெறும் கண்ணால் சொல்வது கடினம். வேகம் உச்சத்தில் பாதியைத் தொடும் செறிவை Km என்கிறோம். செறிவு அந்த Kmஐப் போல ஒன்பது மடங்கு ஆனாலும் வேகம் உச்சத்தில் 90 சதவீதத்தைத்தான் தொடும். இதனால்தான் 1934இல் லைன்வீவரும் பர்க்கும் இரண்டு அளவையும் தலைகீழாக்கி வரைந்தார்கள். வளைவு நேர்கோடாகிவிட்டது. கீழே v என்பது வேகம், [S] தளப்பொருளின் செறிவு, Vmax உச்ச வேகம்.

```
1/v = (Km/Vmax)(1/[S]) + 1/Vmax
```

நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள். செறிவு 1, 4, 16 மில்லிமோலார். வேகம் முறையே நிமிடத்துக்கு 10, 25, 40 மைக்ரோமோல். தலைகீழாக்கினால் கிடை அச்சில் 1, 0.25, 0.0625, செங்குத்து அச்சில் 0.1, 0.04, 0.025. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுகின்றன. அதன் சாய்வு 0.08.

கோட்டை இடப்பக்கம் நீட்டுங்கள். செங்குத்து அச்சை அது 0.02இல் வெட்டும். 1/0.02 என்றால் 50. அதுதான் உச்ச வேகம். இன்னும் நீட்டினால் கிடை அச்சை −0.25இல் வெட்டும். அந்த எண் Km இல்லை, −1/Km. ஆக Km 4 மில்லிமோலார். தேர்வுத்தாளில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெட்டும் புள்ளி பூஜ்ஜியத்திலிருந்து தள்ளிப் போகப் போக Km சிறியதாகிறது, பொதுவாகத் தளப்பொருளோடு பிணைய நொதிக்குள்ள நாட்டம் கூடுகிறது என்று பொருள். பொதுவாக என்று சொல்லக் காரணம் உண்டு: தளப்பொருள் விளைபொருளாக மாறும் வேகமும் Kmக்குள் கலந்திருக்கிறது. அந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும் நொதியில்தான் Kmஐ நாட்டத்தின் நேரடி அளவாகக் கொள்ளலாம்.

சரி, இந்த வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? 1 மில்லிமோலாரில் வேகத்தை 10க்குப் பதில் 9 என்று அளந்துவிட்டோம் என்று வையுங்கள். தலைகீழி 0.1இலிருந்து 0.111 ஆகிறது. மற்ற இரு புள்ளிகளையும் அப்படியே வைத்துச் சிறுமவர்க்கக் கோடு போட்டால் Vmax 55, Km 5.1. அதே ஒரு அலகுப் பிழை 16 மில்லிமோலாரில் நேர்ந்து 40 என்பது 39 ஆகியிருந்தால்? Vmax 49, Km 3.9. அவ்வளவுதான் நகர்கிறது. குறைந்த செறிவில் வேகமும் சின்னது, அதில் வரும் சிறு பிழையும் தலைகீழாக்கும்போது ஊதிப் பெரிதாகிறது. போதாக்குறைக்கு அந்தப் புள்ளி வலப்பக்கம் தனியே நின்று மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறது.

அதனால் கடைசி மதிப்புகளைக் கணினியில் மூல வளைவுக்கே நேரடியாகப் பொருத்தி எடுப்பதுதான் என் வழக்கம். ஆனாலும் இந்தக் கோட்டை வரைந்து பார்க்காமல் விடுவதில்லை. செங்குத்து அச்சுக்கு அருகே புள்ளிகள் மேல்நோக்கி வளைந்தால், அதிகமான தளப்பொருளே நொதியைத் தடுக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது அந்தப் புள்ளிகளையும் சேர்த்து ஒரே கோடு போட்டு எடுக்கும் Vmax செல்லாது.