வகுப்புக்கு முந்தைய இரவில் மூன்று கேள்விகள்

[திரை: தலைப்பு]

தலைகீழ் வகுப்பறையில் மாணவர்கள் பாடத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரம் விவாதத்துக்கும் பயிற்சிக்கும் உரியது. பலர் வாசிக்காமல் வந்துவிட்டால் ஆசிரியர் பழையபடி பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். இதைத் தவிர்க்கவே வாசிப்புக் குறுந்தேர்வு வைக்கப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் முதலில் இதை வகுப்பின் தொடக்கத்தில் நடத்தினார்; பின்னர், வகுப்புக்கு முன்பே இணையத்தின் வழியாகப் பதில்களைப் பெறும் முறைக்கு மாறினார்.

[திரை: மேசைமேல் ஒரு புத்தகம், மேலும் கீழுமாக இரண்டு அம்புக்குறிகள்]

நியூட்டனின் மூன்றாம் விதியை எடுத்துக்கொள்வோம். "விதியைக் கூறுக" என்று கேட்டால், புத்தகத்தைத் திறக்காதவரும் எழுதிவிடுவார். அதற்குப் பதிலாக, "மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதன்மீது மேல்நோக்கிச் செலுத்தும் விசையும் செயல்–எதிர்ச்செயல் இணையா? காரணம் தருக" என்று கேட்க வேண்டும். இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மீது செயல்படுவதால் அவை இணையல்ல. புத்தகத்தின் எடைக்கு இணை, புத்தகம் பூமியை ஈர்க்கும் விசையே. இதே தரத்தில் இன்னொரு கேள்வி போதும். மூன்றாவதாக, "வாசித்ததில் எது புரியவில்லை, எது குழப்பியது?" என்று கேட்பது வழக்கம். என் கணிப்பில், ஆசிரியருக்கு மிகுதியாகப் பயன்படுவது இந்தக் கேள்விதான்.

மதிப்பெண்ணைச் சரியான விடைக்கு அல்லாமல் முயற்சிக்கு வழங்க வேண்டும். தவறுக்குத் தண்டனை இருந்தால் மாணவர்கள் நண்பரின் விடையைப் படியெடுப்பார்கள். அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். அதே சமயம் மதிப்பெண்ணே இல்லையென்றால், வேலை மிகுந்த வாரங்களில் முதலில் கைவிடப்படுவது இந்தத் தேர்வாகவே இருக்கும்.

[திரை: பெயர் நீக்கப்பட்ட ஒரு விடை]

காலையில் விடைகளைப் படிக்கும்போது, "ஆம், இரண்டும் சமமாகவும் எதிரெதிர்த் திசையிலும் இருப்பதால் இணைதான்" என்ற விடை திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்வோம். அதையே பெயரின்றித் திரையில் காட்டி, மேல்நோக்கி முடுக்கம் பெறும் மின்தூக்கியின் தரையில் அதே புத்தகம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அப்போது தரை தரும் விசை எடையைவிட அதிகமாகிறது. ஆனால் செயல்–எதிர்ச்செயல் இணையில் இரு விசைகளும் எப்போதும் சமமாகவே இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டை மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கும்படி விட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பல ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். சிலர் குழம்பியிருப்பதைக் கண்டதும் பகுதி முழுவதையும் மீண்டும் நடத்திவிடுகிறார்கள். வாசிக்காவிட்டாலும் வகுப்பில் எல்லாம் கிடைத்துவிடும் என்பதை மாணவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். அடுத்த வாரங்களில் விடைகள் ஒற்றை வரியாகச் சுருங்கும். குறுந்தேர்வில் நேர்த்தியான விடைகள் வந்தும் வகுப்பின் முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் திணறினால், விடைகள் படியெடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது வாசிக்காமலே எழுதக்கூடிய கேள்விகள் கேட்கப்பட்டிருக்கலாம். பல விடைகளில் அதே வாக்கியம் அப்படியே திரும்பி வந்தால் முதலாவது காரணத்தையும், சொற்கள் வேறுபட்டும் யாவும் மேலோட்டமாக இருந்தால் இரண்டாவது காரணத்தையும் சந்தேகிக்கலாம்.