நிச்சயத்தில் ஜோசியர் தாத்தா ஆசீர்வாதம்: சபையில் எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

கேள்வி: "எங்க தாத்தா ஜாதகம் பாக்கிறவர், வயசு 81. வர்ற வெள்ளிக்கிழமை எங்க அக்காவுக்குப் பாளையங்கோட்டையில நிச்சயம். அக்கா ரோகிணி, மாப்பிள்ளை உத்திராடம், மகர ராசி. பொருத்தம் பாத்ததே தாத்தாதான். சபையில அவரை ஆசீர்வாதம் பண்ணிப் பேசச் சொல்லியிருக்கு. என்ன பேசணும், எவ்வளவு நேரம்?"

வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நல்லதாப் போச்சும்மா, முதல்ல நேரத்தைச் சொல்லிருதேன். அன்னைக்கு ராகு காலம் பத்தரைக்குப் பிடிச்சிரும். காலையில வச்சிருந்தா அதுக்குள்ள ஓலை வாசிச்சு, தாம்பூலத் தட்டு மாத்தி முடிச்சிரணும். தாத்தா பேச்சைத் தட்டு மாத்தினதுக்குப் பிறகு வைங்க. நிறைய வீட்டுல பெரியவரை முதல்ல பேச விட்டுருதாவ. அவாள் கிரகம், தசைன்னு ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கடைசியில தட்டைக் கையில வச்சுக்கிட்டு எல்லாரும் கடிகாரத்தைப் பாப்பாவ. தட்டு மாறிட்டா அந்தப் பதட்டம் இல்ல. மூணு நிமிஷம் போதும்.

இனி என்ன பேசணும்ங்கது. ரோகிணியில இருந்து எண்ணினா உத்திராடம் 18-வது நட்சத்திரம். ஒன்பதால வகுத்தா மீதி இல்லாம முடியுது, அதனால தினப் பொருத்தம் உண்டு. ரெண்டு பேருமே மனுஷ கணம். ரோகிணிக்கு ரிஷப ராசி, அதுக்கு மகரம் ஒன்பதாம் ராசி, சுக்கிரனும் சனியும் நட்பு, ராசியும் அதிபதியும் சரி. ரோகிணி கழுத்து ரஜ்ஜு, உத்திராடம் வயிறு ரஜ்ஜு, வேற வேற. வேதை இல்ல, ஸ்திரீ தீர்க்கமும் இருக்கு. ஆக பத்துக்கு ஏழு. இல்லாதது மகேந்திரம், வசியம், யோனி. ரஜ்ஜு சரியா இருக்கதால பெரும்பாலான ஜோசியர் இதைச் 'செய்யலாம்'னுதான் சொல்லுவாவ.

இதுல சபைக்கு ஆகாதது ஒண்ணு இருக்கு, யோனி. ரோகிணிக்குப் பாம்பு. உத்திராடத்துக்குச் சில பட்டியல்ல கீரி, சில பட்டியல்ல மலட்டுப் பசுன்னு போட்டிருக்கும். தாத்தா ஒளிவுமறைவு இல்லாதவரா இருந்தா, "ஏழு இருக்கு, யோனிதான் பாம்பும் கீரியும், ஆனாலும் பாதகமில்ல"ன்னு மைக்குல சொல்லிருவாரு. அவர் சமாதானமாத்தான் சொன்னாரு. ஆனா கேட்டவங்களுக்கு 'பாதகமில்ல' காதுல விழாது, பாம்பும் கீரியும் மட்டும்தான் நிக்கும். நாளைக்கு அந்த வீட்டுல ஒரு சின்னச் சண்டைன்னா, "ஜோசியரே அன்னைக்குச் சொன்னாரே"ன்னு ஒரு அத்தை கிளப்பிருவா. மலட்டுப் பசுங்கிற வார்த்தையைப் புதுசாச் சேருத பிள்ளைங்க முன்னால சொல்லவே கூடாது.

அதுக்காக மறைக்கச் சொல்லல. பொருத்தச் சீட்டுல பத்தையும் எழுதி, இல்லாத மூணையும் இல்லைன்னே போட்டு, நிச்சயத்துக்கு முன்னாலயே ரெண்டு வீட்டுப் பெரியவங்க கையிலயும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்திரணும். நடக்கிற தசையில ஏதாவது எச்சரிக்கை இருந்தாலும் அப்படித்தான், தாய் தகப்பன்கிட்ட தனியா. சபையில எண்ணிக்கையே வேண்டாம். ஏழுன்னு சொன்னா, மிச்சம் மூணு என்னன்னு யாராவது கண்டிப்பாக் கேப்பாவ.

"பதினாறும் பெற்று"ன்னு சொன்னா இளவட்டங்க பதினாறு பிள்ளைன்னு சிரிக்கும். கல்வி, நோயில்லாத உடம்பு, நல்ல பேர்னு ரெண்டு மூணைச் சேர்த்துச் சொன்னா அது செல்வக் கணக்குன்னு புரிஞ்சிரும். "அடுத்த வருஷம் தொட்டில் கட்டணும்"ங்கதை விட்டுருங்க, அது பிள்ளைங்க பாடு.

ஒரு தாள்ல பெரிய எழுத்துல இப்படி எழுதிக் கொடுங்க:

"சபைக்கு வணக்கம். ரெண்டு ஜாதகத்தையும் நான் பார்த்தேன். சேர்க்கத் தகுந்த ஜாதகம், மனசுக்கு நிறைவா இருக்கு. மாப்பிள்ளை, எங்க பிள்ளையை உங்க கையில தாரோம். ஏட்டி, நீ போற வீட்டுல உன் மாமியாரும் உனக்கு அம்மைதான். ஐப்பசியில திருக்கல்யாணம் காணுத காந்திமதி அம்மையும் நெல்லையப்பரும் உங்க ரெண்டு பேருக்கும் துணை இருக்கட்டும். கல்வி, ஆரோக்கியம், நல்ல பேருன்னு பதினாறு செல்வமும் பெற்று, தாமிரவருணி மாதிரி வத்தாம வாழணும்."

'ஏட்டி'ங்கது பேத்தியைத் தாத்தா கூப்பிடுத உரிமை, அதைத் திருத்தாதீங்க. மாப்பிள்ளையை மட்டும் பேர் சொல்லாம 'மாப்பிள்ளை'ன்னே சொல்லச் சொல்லுங்க, அவங்க பக்கத்து ஆட்களுக்கு அது மரியாதை.

பேசி முடிச்சதும் மைக்கை வாங்கிட்டு, அட்சதைத் தட்டைத் தாத்தா கையில கொடுத்திருங்க. கை சும்மா இருந்தா "இன்னொண்ணு மறந்துட்டேன்"னு திரும்ப மைக்கைக் கேப்பாரு. கீரி அப்பதான் வெளிய வரும்.