பன்னிரண்டு மணிக்கு முந்தைய ஐந்து நிமிடம்

டிசம்பர் 31 ராத்திரி நம் கோயில்களில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பதினொன்றே முக்காலுக்குப் பிரசங்கம் முடியும், ஆயர் முழங்காலில் நிற்கச் சொல்வார், ஐந்து நிமிடம் மௌன ஜெபம். சில இடங்களில் விளக்கையும் அணைப்பார்கள். வெளியே யாரோ அவசரக்காரர் 11.57க்கே சரவெடியைக் கொளுத்திவிடுவார். அப்புறம் மணி, கைகுலுக்கல், கேக்.

இந்த இரவுக்குள் இரண்டு பழக்கங்கள் கலந்து கிடக்கின்றன. விழித்திருந்து ஜெபிப்பது ஒன்று. அது மொராவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடமிருந்து மெதடிஸ்டுகளுக்கு வந்தது. இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகள், முன்பு சாராயக் கடையில் கழித்த இரவை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதையே எடுத்து, மாதம் ஒருமுறை பௌர்ணமியை ஒட்டி வைத்தார். காரணம் எளிது, தெருவிளக்கு இல்லாத காலம், நடுராத்திரிக்கு மேல் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே!

இன்னொன்று உடன்படிக்கை, அதாவது நம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதாகச் சபையாகச் சேர்ந்து வாக்குக் கொடுப்பது. 1755 ஆகஸ்டில் லண்டனில் வெஸ்லி அதைத் தொடங்கியபோது புத்தாண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 6ஆம் தேதி விஷயத்தைச் சொன்னார், அடுத்தடுத்த காலைகளில் விளக்கினார், வெள்ளிக்கிழமை பலர் உபவாசம் இருந்தார்கள், 11ஆம் தேதி திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் கூடினார்கள். ரிச்சர்ட் அலைன் என்ற பியூரிட்டன் எழுதிய வாசகத்தை அவர் படித்தார், சம்மதத்துக்கு அடையாளமாக ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்றார்கள். யோசிக்க ஐந்து நாள் கிடைத்தவர்கள் அவர்கள். நாம் அதை ஐந்து நிமிடத்துக்குள் மடித்து வைத்துவிட்டோம்.

அதனால் என்ன ஆகிறது? வாசகத்தைச் சபையே ராகம் போட்டு, மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்கிறது. "நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன்" என்பது சுலபமாக வாயில் வந்துவிடும். அதே ஜெபத்தில், உமக்காக வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒரு இடம் வரும். ஒரு வருஷம் என் பக்கத்தில் நின்ற பெரியவர் அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டார். அந்த மார்ச்சில்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள், அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அந்த வாசகத்தை உண்மையிலேயே படித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே ஆயர்களுக்கு ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளைக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். மௌன நேரத்தில் கீபோர்டு வேண்டாம், மைக்கில் இடையிடையே "ஆண்டவரே" என்றும் வேண்டாம். வாசகத்தை ஒருவர் நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும், சம்மதம் உள்ளவர் எழுந்து நிற்கட்டும். உட்கார்ந்தே இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்கு இன்னும் சில நாள் தேவைப்படலாம்.