உங்கள் பேனா புள்ளி வைக்கிறதா? நீண்ட தேர்வுக்கு மைப்பேனாவா, பால்பாயிண்டா, ஜெல்லா?

[திரையில்: கோடிட்ட தாள், ஒரு பால்பாயிண்ட் பேனா]

வணக்கம். தேர்வுக்கென்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பால்பாயிண்ட் பேனாவால் 'மக்கள்' என்ற சொல்லை, தேர்வில் எழுதும் அதே வேகத்தில் பத்து முறை எழுதுங்கள். எழுதி முடித்ததும் எழுத்துகளை விட்டுவிட்டு, இருபது புள்ளிகளை மட்டும் பாருங்கள். சில புள்ளிகள் கறுப்பாக விழுந்திருக்கும். சில மங்கலாக இருக்கும். ஒன்றிரண்டு இடங்களில் மையே இல்லாமல் தாளில் ஒரு சிறு குழி மட்டும் இருக்கும். அந்தக் குழி ஏன் விழுந்தது என்று புரிந்துவிட்டால், மூன்றாவது மணி நேரத்தில் உங்கள் கட்டைவிரல் ஏன் வலிக்கிறது என்பதும் புரிந்துவிடும். இந்த வீடியோவில் பேனாவின் விலையைப் பற்றியோ, எது அழகாக இருக்கிறது என்பதைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. மை எப்படி இறங்குகிறது, அதற்குக் கை என்ன விலை கொடுக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

முதலில் சுமையின் அளவைப் பார்த்துவிடுவோம். இருப்பதில் கடினமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளைத் தமிழில் எழுதும் ஒரு தேர்வர். அந்தத் தாளில் இருபது கேள்விகள். அவற்றில் பத்துக்கு 150 சொற்கள், பத்துக்கு 250 சொற்கள் என்பது வரம்பு. கூட்டினால் 4000 சொற்கள், கையில் இருப்பது 180 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம். படிக்கவும் யோசிக்கவும் இரண்டு நிமிடம் போனால், மிச்சம் ஏழு நிமிடத்தில் 200 சொற்கள், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 29 சொற்கள். காலையில் ஒரு தாள், பிற்பகலில் இன்னொரு தாள் என்பதால், ஒரே நாளில் ஆறு மணி நேரம் அதே கைதான் எழுதியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் கையின் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

வரலாறு வேண்டுமா? 1884இல் அமெரிக்காவின் வாட்டர்மேன் மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் ஹங்கேரியைச் சேர்ந்த பத்திரிகையாளர் பிரோ பால்பாயிண்டுக்குப் பெற்றார். 1984இல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் ஜெல் பேனாவைக் கொண்டுவந்தது. இது தேர்வில் கேட்கப்படாது, ஆகவே மேலே செல்வோம்.

[திரையில்: பால்பாயிண்ட் முனை, பெரிதாக்கிய படம்]

பால்பாயிண்ட் பேனாவின் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அல்லது அதையொட்டிய குறுக்களவுள்ள ஒரு பந்து, உலோகக் கிண்ணம் ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்தின் மேற்பாதியை நனைத்துக்கொண்டிருப்பது எண்ணெய் சார்ந்த, பசைபோல் கெட்டியான மை. பந்து உருண்டால்தான் மேலே நனைந்த பக்கம் கீழே வந்து தாளில் ஒட்டும். உருளாவிட்டால் புது மை வராது. கெட்டியான மைக்குள் பந்தை உருட்ட வேண்டும் என்றால், அது தாளை உறுதியாகப் பற்ற வேண்டும். பற்றுவதற்கு நாம் அழுத்த வேண்டும். இந்தப் பேனாவில் நாம் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதி எழுத்துக்காகச் செலவாவதில்லை, பந்தைச் சுழற்றுவதற்காகவே செலவாகிறது.

இப்போது புள்ளிக்கு வருவோம். புள்ளி வைக்கும்போது பேனா மேலிருந்து இறங்கித் தொட்டுவிட்டு உடனே எழுந்துவிடுகிறது. பந்து உருளுவதற்குத் தூரமே இல்லை. முந்தைய எழுத்தை எழுதியபோது பந்தின்மேல் ஒட்டியிருந்த மை இருந்தால் புள்ளி விழும்; இல்லாவிட்டால் குழி மட்டும் விழும். அதனால்தான் பால்பாயிண்டில் வேகமாகத் தமிழ் எழுதும் பலர், தாங்கள் அறியாமலேயே, புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறு வட்டத்தையோ வாலையோ போடப் பழகியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. 'ஐ', 'ஜே' என்ற இரண்டு எழுத்துகளோடும் முற்றுப்புள்ளியோடும் அவர் தப்பித்துவிடுவார். நமக்கோ, ஒரு வரியில் எத்தனை மெய்யெழுத்துகள் வருகின்றனவோ அத்தனை புள்ளிகள். நான் இப்போது சொல்லி முடித்த இந்த ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்து, எண்ணிக் கருத்துப் பகுதியில் போடுங்கள். புள்ளி விழவில்லை என்று தெரிந்ததும் கை என்ன செய்கிறது? அடுத்த புள்ளியை ஓங்கிக் குத்துகிறது. இப்படி ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு குத்து என்று மூன்று மணி நேரம் குத்தினால், விரல் பழிவாங்காமல் விடுமா?

இதே பேனாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. களைப்பு ஏற ஏறப் பேனாவைக் கை சாய்த்துப் பிடிக்கத் தொடங்குகிறது. பால்பாயிண்ட் ஓரளவு நிமிர்ந்து நின்றால்தான் பந்து தாளில் படும். அதிகம் சாய்ந்தால் கிண்ணத்தின் விளிம்பு தாளில் உரசி, கோடு விட்டுவிட்டு வரும். கோடு விட்டதும் எழுதுபவர் இன்னும் அழுத்துகிறார், அழுத்தியதால் இன்னும் களைக்கிறார், களைத்ததால் இன்னும் சாய்க்கிறார். உங்களுக்கு இது நடக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதி முடித்த விடைத்தாளைத் திருப்பி, முதல் பக்கத்தின் பின்புறத்தையும் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தையும் விரல் நுனியால் தடவுங்கள். முதல் பக்கம் வழவழப்பாகவும் கடைசிப் பக்கம் மேடு மேடாகவும் இருந்தால், உங்கள் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பால்பாயிண்டுக்காக வாதாடவும் வேண்டும். அதன் மை எந்த மலிவான தாளிலும் பின்பக்கம் ஊறாது, வியர்வை பட்டால் கரையாது, ஒரு ரீஃபில் நெடுநாள் வரும். இப்போது கடைகளில் இளகிய எண்ணெய் மை நிரப்பிய பால்பாயிண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றில் நான் மேலே சொன்ன குறைகள் பெருமளவு குறைந்திருக்கின்றன.

[திரையில்: ஜெல் ரீஃபில்]

ஜெல் பேனாவிலும் பந்துதான் இருக்கிறது, மாறியது மை. நீரில் நிறமித் துகள்களைக் கலந்து, அவை அடியில் படியாமல் இருக்கக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கெட்டித்தன்மைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உறைந்த தயிர் கரண்டியால் கலக்கும்போது இளகுவதுபோல, இந்த மையும் பந்து உருளும் இடத்தில் மட்டும் இளகி ஓடுகிறது. ஆனால் தயிரைப் போலன்றி, பந்து நின்றதும் மறுபடி கெட்டியாகிவிடுகிறது. எனவே சட்டைப்பையில் ஒழுகுவதும் குறைவு, எழுதும்போது அழுத்த வேண்டியதும் குறைவு. பந்தின்மேல் எப்போதும் ஈரமான மை தடித்துப் படிந்திருப்பதால், தொட்ட மாத்திரத்தில் புள்ளி விழுகிறது. 'மக்கள்' சோதனையை இந்தப் பேனாவில் செய்து பாருங்கள்.

இதற்கு விலையாக, மை வேகமாகத் தீர்கிறது. காய்வதற்குச் சில நொடிகள் ஆகின்றன. முனை கீழே குத்தி விழுந்தால் பேனா பெரும்பாலும் பிழைப்பதில்லை. மை தீர்வதை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். முழு மாதிரித் தேர்வு ஒன்றுக்கு முன்பு ரீஃபிலில் மை நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள், முடிந்ததும் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையில் மூன்று சென்டிமீட்டர் இருந்தால், இரண்டு தாள் எழுதும் நாளுக்கு ஆறு சென்டிமீட்டர் மை வேண்டும். மீதம் அதற்குக் குறைவாக இருந்தால் அந்த ரீஃபிலோடு தேர்வுக்குப் போகாதீர்கள். புது ரீஃபிலையும் முதன்முதலாகத் தேர்வறையில் திறக்காமல், வீட்டிலேயே அரைப் பக்கம் எழுதி ஓடவிட்டுக் கொண்டுபோங்கள்.

[திரையில்: நிப், மை ஏறிய நிலையில்]

மைப்பேனாவில் பந்தே கிடையாது. நிப்பின் நடுவில் உள்ள மெல்லிய பிளவு வழியாக மை தானாகவே முனைக்கு வந்து காத்திருக்கிறது, தாளைத் தொட்டதும் தாளே அதை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தம் என்று ஒன்று தேவையே இல்லை; சாய்த்துப் பிடித்தாலும் எழுதும்; புள்ளி முத்துப்போல விழும். கையை மட்டும் கேட்டால் போட்டி இங்கேயே முடிந்துவிடும். ஆனால் தேர்வறையில் தாளும் ஒரு கட்சிக்காரர். உறிஞ்சும் தன்மை அதிகமுள்ள தாளில் மை நார் நாராகப் பரவி, 'ண'வின் சுழிகள் அடைபட்டுப்போகும். பின்பக்கத்தில் எழுத்து நிழலாகத் தெரியும். விடைப் புத்தகத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் மைப்பேனாவின் உண்மையான பலவீனம். சாயம் கரைத்த சாதாரண நீல மை, வியர்த்த உள்ளங்கை பட்டால் கரையும் என்பது அடுத்தது. மார்ச் மாதத்து மின்விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, மை பாதிக்குக் கீழே இறங்கிய பேனாவில் காற்று நிறைந்திருக்கும். கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையைத் தள்ளிச் சொட்டாக்கிவிடும். மைப்பேனாவோடுதான் போவேன் என்பவர், ஒவ்வொரு தாளுக்கும் முன்பு அதை முழுவதும் நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

அப்படியென்றால் எதை எடுப்பது? நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்: வீட்டில் மைப்பேனா, தேர்வறையில் ஜெல் பேனா. தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, குறிப்பெடுப்பதை எல்லாம் மைப்பேனாவால் எழுதுங்கள். அழுத்தினால் நிப்பு விரிந்து, கோடு தடித்து, தாளைக் கீறி உடனே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வேறு யாரும் சொல்லித்தராமலேயே கை இளகக் கற்றுக்கொள்கிறது. கடைசி ஒரு மாதம் 0.5 அல்லது 0.6 அளவுள்ள ஜெல் பேனாவுக்கு மாறி, அதன் பிறகு பேனாவை மாற்றாதீர்கள். தேர்வுக்கு முந்தைய நாள் மாமா பரிசாகக் கொடுத்த பேனா எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது முடிவு வந்த பிறகு கையெழுத்துப் போடுவதற்கு.

ஒரே மாதிரியான பேனா இரண்டாவதும் பையில் இருக்கட்டும். நடுவில் நிறம் மாறினால் கண்காணிப்பாளருக்கும் திருத்துபவருக்கும் வீண் சந்தேகம். எந்த நிறம் என்பதை உங்கள் தேர்வின் அறிவுரையில் பாருங்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வினாத்தாளில் நீலம் அல்லது கருப்பு என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளுக்குக் கறுப்புப் பால்பாயிண்ட் கேட்கப்பட்டிருந்தால், அங்கே ஜெல் பேனாவைக் காட்டாதீர்கள்.

இடது கையால் எழுதுபவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. எழுதிய வரியின்மேலேயே உங்கள் கை நகர்ந்து செல்வதால், காயாத ஜெல் மை உள்ளங்கைக்கும் அங்கிருந்து அடுத்த வரிக்கும் போகும். உங்களுக்கு இளகிய எண்ணெய் மை கொண்ட பால்பாயிண்டே பொருந்தும் என்பது என் கருத்து. தாளை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, வரிக்குக் கீழே கையை வைத்து எழுதப் பழகியவர்கள் ஜெல்லோடும் சமாளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி எழுதுபவர் யாராவது இருந்தால், எந்தப் பேனா, எந்த அளவு என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எல்லோருக்கும் முதலில் தெரியும்படி நான் அதை மேலே பொருத்தி வைக்கிறேன்.