ஆனைக்குக் கண் வைக்க ஆள் தேவை

(மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ஒரு வாசிகசாலை முற்றத்தில் பேசியது, பின்னர் எழுத்தில் சற்றுத் திருத்தப்பட்டது.)

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

நான் இந்த ஊரில் பிறந்து, இப்போது லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லீவில் வந்த இடத்தில் பேசச் சொன்னீர்கள். எங்கள் பாடசாலையின் குடும்ப விளையாட்டு நாள் அறிவித்தலை இங்கேயும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். அங்கே நடக்கும் விளையாட்டை இங்கே ஏன் அறிவிக்க வேண்டும்? கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன், அதுதான் காரணம்.

போன வருடம் அறிவித்தலில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். ‘ஒவ்வொரு குடும்பமும் ஒரு அணி’ என்று எழுதிவிட்டோம். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு மைதானத்தில் பார்த்தால், ஒரு வீட்டில் அம்மம்மா, அப்பப்பா, மாமா, மச்சான் என்று ஒன்பது பேர். பக்கத்தில் ஒரு தாயும் ஏழு வயது மகளும் மட்டும். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, “டீச்சர், எங்கட அணியில மிச்ச ஆக்கள் எங்க?” என்று கேட்டது. அதன் அம்மம்மா இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறா. எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே இந்த முறை அறிவித்தலின் முதல் வரியை மாற்றினோம்: ‘குடும்பமாக வாருங்கள், அணியை நாங்கள் பிரிப்போம்.’

பிரிப்பது எப்படி என்று சொல்கிறேன். சித்திரை வருடப் பிறப்பு விளையாட்டு நடத்துகிற தம்பிமாருக்கும் இது உதவும். பதிவுத் துண்டில் பெயரும் வயதும் மட்டும் கேட்கிறோம். வயதை நான்காகப் பிரிக்கிறோம்: 5 முதல் 8, 9 முதல் 14, 15 முதல் 49, பிறகு 50 வயதும் அதற்கு மேலும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெட்டி. திருவுளச்சீட்டுப் போல ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மாறி மாறி எடுத்து நான்கு அணிகளுக்கும் பகிர வேண்டும். 48 பேர் வந்தால் அணிக்கு 12 பேர். அதில் சின்னவர் மூவர், அடுத்தவர் மூவர், இளையவர்களும் பெற்றோரும் நால்வர், முதியவர் இருவர். எல்லாப் பெயரையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் ஒரு அணிக்கு முழுக்க இளந்தாரிகளும் இன்னொரு அணிக்கு முழுக்கக் குழந்தைகளும் விழக்கூடும். அழுகிற ஐந்து வயதுப் பிள்ளையை மட்டும் தாயோடு விடுவோம். மற்றபடி தகப்பனும் மகனும் எதிர் எதிர் அணியில் வந்தாலும் மாற்றுவதில்லை.

முதியவர் எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேர்தான் வந்தால்? அந்த ஒரு அணியின் முதியவர் இளைப்பாறிவிட்டு இரண்டு தடவை போவார். அவருக்குப் பதிலாக ஒரு இளையவரை இறக்கக் கூடாது. இறக்கினால் அந்த அணி வென்றுவிடும், அப்புறம் அடுத்த வருடம் முதியவர்களை யாரும் தேட மாட்டார்கள்.

அஞ்சல் ஓட்டத்தில் எல்லாரும் ஒரே தூரம் ஓடுவதில்லை. முதியவர் 20 மீற்றர் நடப்பார், சின்னவர் 40 மீற்றர் ஓடுவார், அடுத்தவர் 60, பெரியவர் 80. ஒத்திகையில் கடிகாரம் பிடித்துப் பார்த்தோம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 விநாடிக்குள் வருகிறது. ஒருவருக்கு மட்டும் கூட நேரம் எடுத்தால் அவருடைய கோட்டைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும், ஆளை விரட்டக் கூடாது. போன வருடம் முதியவரைக் கடைசியில் வைத்தோம், கைதட்டு நிறையக் கிடைக்கட்டும் என்று. சனம் கூவின கூவலில் ஒரு ஐயா நடக்க வேண்டியதை மறந்து ஓடத் தொடங்கி, கோட்டுக்கு இரண்டடி முன்னால் முழங்கால் மடங்கி விழுந்தார். உள்ளங்கை உரசியதோடு போனது. இந்த முறை முதியவர்தான் முதலில். தொடக்கத்தில் யாரும் அவ்வளவு கூவ மாட்டார்கள், துரத்தவும் ஆள் இல்லை. அடுத்த பிள்ளை கோட்டுக்குப் பின்னால் அசையாமல் நின்று தடியை வாங்கும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்தது முட்டி உடைத்தல். இங்கே கண்ணைக் கட்டித் தடியைக் கொடுத்தால் சுற்றி நிற்கிற எல்லாரும் வழி சொல்வார்கள். அங்கே ஒருவர் மட்டும் சொல்லலாம், அதுவும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தமிழில் மட்டும். கண் கட்டியிருப்பது பெரியவர். ‘நேரே, நில், திரும்பு, இன்னும் ரெண்டு எட்டு’ என்று பிள்ளை சொல்லச் சொல்ல அவர் நடக்க வேண்டும். வகுப்பில் பத்துத் தடவை எழுதியும் நிற்காத ‘வலம் இடம்’ அந்த இடத்தில் நிற்கிறது, ஏனென்றால் பிழையாகச் சொன்னால் தடி வெறும் காற்றில்தான் விழும். ஒத்திகையில் ஒரு அம்மம்மா, கண் கட்டியபடியே, “சோத்துக்கைப் பக்கமா மனே?” என்று கேட்டா. பையன் விழித்தான். தன் கையைப் பார்த்தான், சோறு தின்னுகிற கையைத் தூக்கினான், பிறகு “ஓம், சோத்துக்கை!” என்று கத்தினான். பாடப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. அன்றைக்கு முழுக்க அவன் வலப்பக்கம் என்று சொல்லவே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடியின் நீளத்தோடு நான்கு எட்டுக் கூட்டி வட்டமாகக் கயிறு கட்டி, பிள்ளையையும் கயிற்றுக்கு வெளியேதான் நிறுத்துவோம். முட்டி உடைந்ததும் சின்னவர்கள் மிட்டாய்க்குப் பாய்வார்கள். தடி கீழே வைக்கப்பட்டு, கண் கட்டு அவிழ்ந்த பிறகுதான் கயிறு இறங்கும்.

சரி, உதவிக்கு வருகிறேன். அந்தத் தாயும் மகளும் போல, அங்கே முதியவர் இல்லாத வீடுகள் பல. அவர்களுடைய முதியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே ஆனைக்குக் கண் வைத்தலை இந்த முறை தொலைபேசியில் விளையாடப் போகிறோம். பலகையில் ஆனை, கண் கட்டிய பிள்ளை, கையில் சோக்கட்டி. இங்கேயிருந்து நீங்கள் வீடியோவில் பார்த்து, “இன்னும் மேல, கொஞ்சம் தும்பிக்கைப் பக்கம்” என்று சொல்ல வேண்டும். முட்டி உடைத்தலையும் இப்படிச் செய்யலாமா என்று பார்த்தோம், சரிவரவில்லை. குரல் ஒரு விநாடி பிந்தி வருகிறது, தடி ஓங்கியிருக்கிற இடத்தில் ஒரு விநாடி பெரிது. ஆனைக்கு அவசரம் இல்லை.

யூலை மாதம், ஒரு சனிக்கிழமை. திகதி மைதானம் கிடைத்ததும் வாசிகசாலைப் பலகையில் எழுதப்படும். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 2:30. சொந்தப் பேரப்பிள்ளை அங்கே இல்லாதவர்களும் பெயர் கொடுக்கலாம், ஆள் போதாமல்தான் இருக்கிறது. பெயரைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அன்றைக்குத் தொலைபேசிக்கு மின்னேற்றி, வெயில் திரையில் விழாத இடமாக உட்காருங்கள். போன வருடம் என்னிடம் கேட்ட பிள்ளைதான் முதலில் சோக்கட்டியை எடுக்கும்.